சீல் போன வீடு

எங்கள் வீட்டில் இரண்டு குளியலறைகள் உண்டு. ஒன்றில் நாங்கள் குளிப்போம். இன்னொன்றில் யாரும் குளிக்கக் கூடாது.

விருதுநகரில் நாங்கள் வீடு கட்டிய காலத்தில் என் கணவரின் பட்டாசுக் கம்பெனி, ஆமத்தூர் தாண்டி, நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சீசனுக்கு முன்னால் வடக்கேயிருந்து வியாபாரிகள் ஆர்டர் கொடுக்க வருவார்கள். அவர்கள் தங்குவதற்கென்று வாசலை ஒட்டி ஒரு அறையும், அதற்குள் ஒரு குளியலறையும் கட்டினோம். பளிங்கு மாதிரி டைல்ஸ், சுவரில் ஆள் உயரக் கண்ணாடி, சுவரோடு பதித்த வாஷ்பேசின். இரண்டு சீசன் வந்து தங்கினார்கள். பிறகு அவர்களுக்கு சிவகாசியில் ஏசி போட்ட லாட்ஜ்கள் கிடைத்துவிட்டன. அதற்கும் பிறகு அவர்கள் வருவதே இல்லை, ஆர்டர் எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. அறை மட்டும் அப்படியே நிற்கிறது, வராத விருந்தாளிக்காக.

அந்தக் குளியலறை என் பெருமை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் பூஜை அறையைக் காட்டுகிறேனோ இல்லையோ, அதைக் காட்டிவிடுவேன். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. வைப்பரால் தள்ளி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, கதவைச் சாத்தி வைப்பேன். "உங்க வீட்டு பாத்ரூம்ல இலை போட்டுச் சாப்பிடலாம் மதினி" என்று தெருமுனை முக்குவீட்டு அம்மா ஒருமுறை சொன்னாள். அவள் கிண்டல் செய்கிறாளா என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் வீட்டில் வேலை பார்த்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். எங்கள் தெருவில் எங்கள் வீடு, முக்குவீடு, இன்னும் இரண்டு வீடு என்று நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைப்பாள். முன்னாடி பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். மருந்து செலுத்துகிற வேலை, அதாவது பட்டாசுக்குள் வெடிமருந்தை அடைப்பது. பக்கத்து ஷெட் ஒருநாள் வெடித்ததைக் கண்ணால் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "செத்தாலும் பரவால்லக்கா, தெனமும் பயந்துக்கிட்டே வேலை பாக்க முடியல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மனைவியிடம் இதைச் சொல்கிறோமே என்ற தயக்கமெல்லாம் அவளுக்கு இல்லை. எனக்கும் அதில் கோபம் இல்லை. பாத்திரம் பளிச்சென்று இருந்தால் போதும்.

போன வருடம் மாசி மாதம் என்று நினைக்கிறேன், வெயில் அதற்குள் ஏறியிருந்தது. எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பது முனிசிபாலிட்டிக்கே தெரியாத ரகசியம். வருகிற அன்று தெருவே பாதி வேலையைப் போட்டுவிட்டு குடத்தோடு நிற்கும். அப்படிப்பட்ட ஊரில், ஒருநாள் காலையில் அவள் வாளியும் கப்புமாக விருந்தாளி அறைக்குள் போவதைப் பார்த்தேன். பின்னாலேயே போனேன். தரை ஓட்டையில் இரண்டு கப், வாஷ்பேசினில் ஒரு கப், நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரும் குளிக்காத, யாரும் கைகழுவாத இடத்தில்.

"என்ன செய்ற?"

"சும்மா கொஞ்சம் தண்ணி ஊத்துறேங்க்கா. மூடியே கெடக்குல்ல. ஊத்தாட்டி வாடை வரும்."

"தொடச்சு வச்ச எடத்துல வாடை எப்படி வரும்? லாரித் தண்ணிய இப்படிக் கொண்டுபோய்க் கொட்டுறியே, உங்க வீட்லயும் இப்படித்தான் கொட்டுவியா?"

கடைசி வாக்கியம் தேவையில்லாதது. அவள் வீட்டில் குளியலறையே கிடையாது என்று எனக்குத் தெரியும். அவள் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதன்பின் ஊற்றவில்லை. நான் அறையை இன்னொருமுறை துடைத்துக் கதவைச் சாத்தினேன். தண்ணீரைச் சேமித்துவிட்ட திருப்தி அன்றைக்கு முழுக்க இருந்தது.

மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் நெருங்கும்போது கரப்பான் பூச்சிகள் வந்தன.

முதலில் ஒன்று, அடுப்படி மேடையில், காலையில் நான் பால் காய்ச்சப் போகும்போது. சிவப்பாக, பெரிதாக, மீசையை ஆட்டிக்கொண்டு, நான்தான் விருந்தாளி என்கிற மாதிரி நின்றது. துடைப்பத்தால் அடித்தேன். மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு குடும்பம். வாரம் கழிவதற்குள் சாப்பாட்டு மேசையில் தட்டைக் கவிழ்த்து வைக்கிற வீடாகிவிட்டது எங்கள் வீடு. பூச்சி கொல்லும் சாக்பீஸால் கோடு போட்டேன். கோட்டைத் தாண்டி வந்தன. மருந்து அடித்தேன். நாங்கள்தான் இருமினோம்.

வீடு சுத்தமாக இருந்தால் கரப்பான் வராது. எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் அதுதான். வீட்டைச் சுத்தமாக வைக்க வேண்டியது யார்? அவள். அப்படியானால் கரப்பானுக்குக் காரணம் யார்? கணக்கு சுலபமாக வந்துவிட்டது.

"சிங்குக்கு அடியில ஒழுங்கா தொடைக்கிறியா இல்லையா?"

"தொடைக்கிறேங்க்கா. வேணும்னா பாருங்க."

"பாக்க வேண்டியதில்ல. பூச்சியே சொல்லுது."

"நான் ரெண்டு தடவ தொடைக்கிறேன். ஆனா இது அடுப்படிப் பூச்சி மாதிரி தெரியலக்கா. பெருசா இருக்கு. எங்கிட்டோ வெளிய இருந்து வருது."

"ஆமா, உன் பையில இருந்து வருதோ என்னமோ."

இதையும் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்றைக்கு நாக்கு கூசவில்லை. அவள் தன் துணிப்பையை எடுத்து, என் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு கைத்துண்டு, பஸ் டிக்கெட் இரண்டு. பிறகு எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பாத்திரத்தைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் போனாள். மறுநாள் வரவில்லை.

அதோடு நான் விட்டிருந்தால் கூடப் போகட்டும். பொங்கலுக்குக் கோவிலில் தெருப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, ஏன் வேலைக்கு ஆள் இல்லை என்று முக்குவீட்டு அம்மா கேட்டாள். "நிப்பாட்டிட்டேன், அவ கை பட்டு வீடெல்லாம் கரப்பான்" என்றேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் எங்கள் தெருவில் பேச்சுவாக்கில் சொன்னதுதான் பதிவுத் தபால். அந்த மாதம் முடிவதற்குள் முக்குவீட்டிலும் அவளை நிறுத்தினார்கள். மற்ற இரண்டு வீட்டிலும் ஏதேதோ காரணம் சொன்னார்கள். அவள் சிவகாசிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு மருந்து செலுத்தப் போகிறாள் என்று பூக்காரி சொல்லிக் கேள்விப்பட்டேன். ஒரு கணம் என்னவோ போல இருந்தது. அவளுக்கு அந்த வேலை பற்றிய பயம் என்னைத் தவிரத் தெருவில் யாருக்கும் அவ்வளவு தெரியாது. பிறகு, "சரி, வேலையாவது கிடைச்சுதே" என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம்.

இப்போது வீட்டை நானே துடைத்தேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இடுப்பு போயிற்று. கரப்பான்கள் போகவில்லை. அவள் போன பிறகு இன்னும் செழிப்பாக வந்தன. என் கணவர் சாப்பிடும்போது கால்களைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் களத்தில் இறங்கினார். வீட்டைச் சுற்றி வந்து, மாடிக்கு ஏறி, கழிவுக் குழாயோடு சேர்ந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த காற்றுக் குழாயைக் கண்டுபிடித்தார். அதன் வாயில் முன்பு ஒரு வலை இருந்தது, வெயிலில் மட்கிப் போயிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கரப்பான் அவரை எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். பட்டாசுக்காரர்கள் ஓட்டையைக் கண்டால் சும்மா விட மாட்டார்கள். அடைப்பதுதான் அவர்கள் தொழிலே. பிளாஸ்டிக் மூடி ஒன்றை வாங்கிவந்து, பசை தடவி, இறுக்கி அடைத்தார். "இனி ஒண்ணு வராது பாரு" என்று கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார்.

அன்று சாயங்காலம் அவர் கழிப்பறையில் தண்ணீர் திறந்துவிட்டார். அடுப்படி சிங்க் 'கொடகொட' என்று பேசியது. யாரோ தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி. இரண்டு நாளில் சிங்க்கிலிருந்து செப்டிக் டேங்க் வாடை வீச ஆரம்பித்தது. மூன்றாம் நாள் சிங்க் ஓட்டை வழியாகவே ஒரு கரப்பான், மாடிப்படி ஏறி வருகிறவனைப் போல நிதானமாக வந்ததை நானே பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் பிளம்பரைக் கூப்பிட்டோம்.

மல்லாங்கிணறு பக்கத்து ஆள். ஐம்பதைத் தாண்டியவர், அவசரமே இல்லாதவர். அடுப்படியில் ஆரம்பிப்பார் என்று பார்த்தால், "எந்த பாத்ரூமு பொழங்காமக் கெடக்கு?" என்று கேட்டார். விருந்தாளி அறையைத் திறந்து காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன், பழக்க தோஷம். அவர் டைல்ஸைப் பார்க்கவில்லை. தரை ஓட்டையின் சல்லடையை எடுத்துவிட்டு, செல்போன் லைட்டை உள்ளே அடித்தார்.

"வந்து பாருங்கக்கா."

குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு கிண்ணம் மாதிரி வளைவு. காய்ந்த மண்ணும் முடியும். அதில் ஒரு கரப்பான், லைட் பட்டதும் அந்தப் பக்கம் சரசரவென்று ஓடி இறங்கியது.

"இதான் நானி ட்ராப். இந்தக் கிண்ணத்துல எப்பவும் தண்ணி நிக்கணும். லைட் அடிச்சா தண்ணி மின்னணும். அந்தத் தண்ணிதான் கதவு. அந்தப் பக்கம் சேம்பரு, செப்டிக் டேங்கு. இந்தப் பக்கம் உங்க வீடு. தண்ணி வத்திப் போச்சுன்னா அங்கிட்டும் இங்கிட்டும் ஒரே ரோடு. வாடையும் வரும், பூச்சியும் வரும். இந்தச் செவப்புப் பெருசு இருக்கே, இது அடுப்படில பொறக்குறதில்ல, சாக்கடைல குடியிருக்கிறது."

"தண்ணிக்குள்ள முங்கி வராதா?"

"ஒண்ணு ரெண்டு வந்தாலும் வரும், சும்மா சொல்லக் கூடாது. ஆனா கூட்டமா வராது. உங்க வீட்ல ரோடு போட்டு விட்டிருக்கீக."

வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்த குழாயையும் திறந்து காட்டினார். அதுவும் காய்ந்துதான் கிடந்தது. அதிலிருந்து சுவருக்குள் போகிற சுருள் பைப்பைச் சுற்றி விரல் நுழைகிற சந்து வேறு. கழிப்பறைக் கோப்பையில் மட்டும் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"யாரும் பொழங்காத பாத்ரூம்ல வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் ஒரு கப்பு தண்ணி ஊத்தணும்க்கா. அம்புட்டுதான் வைத்தியம். இந்த ஊரு வெயிலுக்கு ஒரு மாசத்துல வத்திரும். வெளியூரு போறதா இருந்தா மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுட்டுப் போங்க, தண்ணி சீக்கிரம் ஆவியாகாது. இதுக்கு முந்தி யாரோ ஊத்திக்கிட்டு இருந்திருக்காகளே, இல்லன்னா இந்த வீடு எப்பவோ நாறிருக்கும்."

அந்தக் கண்ணாடி சுவரில் ஆள் உயரத்துக்கு நின்றது. அதில் என்னைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்தேன். தரையும் பளபளவென்று என்னையே காட்டியது.

அதற்குள் அவர் மாடிக்குப் போய் மூடியைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். காற்றுக் குழாயை அடைத்தால், கழிப்பறைத் தண்ணீர் வேகமாக இறங்கும்போது காற்று கிடைக்காமல் பக்கத்து ட்ராப்களில் நிற்கிற தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடுமாம். நல்லாயிருந்த அடுப்படி சிங்க்கையும் அப்படித்தான் கெடுத்திருக்கிறோம். "அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு மூடியை அறுத்துருவோம்" என்றார். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணாச்சி, உங்க வீட்ல இருந்துதான் பேசுறேன். சீல் போச்சு அண்ணாச்சி. உடனே கவனிக்கணும்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்தில் சீல் என்றால் ஒரே அர்த்தம்தான். ஜீப் வரும். அதிகாரிகள் இறங்குவார்கள். கம்பெனிக் கதவைப் பூட்டி, துணி சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றுவார்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்குச் சாத்தூரிலிருந்து சிவகாசி வரை உறக்கம் கெடும்.

"எத்தனை பேரு வந்திருக்காக?" என்றார் என் கணவர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில். "வீட்டுக்கு எதுக்கு வந்தாக? ஜீப்பு நிக்குதா?"

"ஜீப்பா? நான் பைக்ல வந்தேன் அண்ணாச்சி. தனியாத்தான் வந்தேன். தண்ணி சீலு. பாத்ரூம்ல ட்ராப்புல தண்ணி சீல் போச்சு."

என் கணவர் என் வாழ்நாளில் நான் கேட்டிராத இரண்டு வார்த்தைகளைச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

பிளம்பர் மூடியை அறுத்து எடுத்து, நைலான் வலையைச் சுற்றிக் கம்பியால் கட்டினார். வாஷ்பேசின் பைப் சந்தில் ரப்பர் வளையம் போட்டார். வெளியே சேம்பர் மூடியின் விளிம்பில் உடைந்திருந்த இடத்தில் சிமெண்ட் பூசினார். எல்லா ஓட்டையிலும் தண்ணீர் ஊற்றி, லைட் அடித்து மின்னுவதைக் காட்டினார். நான்கைந்து நாளில் கரப்பான்கள் அரிதாகி, பிறகு நின்றே போயின.

இப்போது எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. நான் அப்படியொன்றும் மனசாட்சி இல்லாதவள் இல்லை. தெருவில் நான் பரப்பிய பேச்சை நானே திருப்பிப் போட வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு வீடாகப் போனேன். என்ன சொன்னேன் என்பதுதான் விஷயம்.

"கரப்பானுக்குக் காரணம் தெரிஞ்சு போச்சு. சீல் போயிருந்துச்சாம். இப்ப சீல் வச்சாச்சு" என்றேன். ஒவ்வொரு வீட்டிலும் இதையே சொன்னேன். பிளம்பரைப் போலவே கைகளால் கிண்ணம் செய்து காட்டினேன். அப்படிக் காட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. முக்குவீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் சரியாப் போகும் மதினி. மனச விட்டுறாதீக. எத்தனையோ பேருக்கு சீல் வச்சு எடுத்திருக்காக" என்றாள்.

ஒரு கரப்பானுக்கு இவ்வளவு அனுதாபமா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காரியாபட்டியிலிருந்து என் நாத்தனார் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி, செருப்பை மெதுவாகக் கழற்றினாள். சிவகாசி மைத்துனர் போன் செய்து, எந்த அதிகாரி, யாரைப் பிடிக்கலாம் என்றார். ஆர்டர் கொடுத்த பார்ட்டி ஒருவர் வடக்கேயிருந்து போன் செய்து சரக்கு வருமா என்று கேட்டுவிட்டாராம். என் கணவர் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"தெரு பூரா போயி என்னத்த சொன்ன?"

"சீல் வச்சாச்சுன்னு சொன்னேன்."

"ஒரு பட்டாசுக்காரன் பொண்டாட்டி, தெருவுல நின்னு, சீல் வச்சாச்சுன்னு சொல்லிருக்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். கம்பெனி ஓடுகிற படத்தை எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அது பழைய படம் என்று இரண்டு பேர் எழுதினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் பின்வாசல் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்தில் ஆள் இளைத்திருந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக் கீரை. அவள் விரல்கள் சாம்பல் நிறத்தில் மினுங்கின. நகக்கண் இடுக்கெல்லாம் பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அது உடனே போகாது, எனக்குத் தெரியும்.

"கம்பெனிக்கு சீல் வச்சுட்டாகன்னு அங்கன பேசிக்கிட்டாக" என்றாள். "கேட்டதுல இருந்து மனசு ஆறல. அண்ணாச்சி எப்பிடி இருக்காக? சாப்பிடுறாகளா?"

நான் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

"ஆளு இல்லாம நீங்களே தொடைக்கிறீகன்னும் சொன்னாக. ஞாயித்துக்கிழம எனக்கு லீவுதான். வந்து வேலை பாத்துத் தந்துட்டுப் போறேன். சம்பளமெல்லாம் பெறகு பாத்துக்கிருவோம், தொறந்த பெறகு."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு வேறு புத்தி போயிற்று. சீல் வைத்துவிட்டார்கள் என்றே இருக்கட்டும், இவள் வந்தால் போதும் என்று. அவள் கீரையை என்னிடம் நீட்டினாள். அந்தச் சாம்பல் விரல்களைப் பார்த்த பிறகு முடியவில்லை. அடுப்படிப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணம், காய்ந்த மண், பிளம்பர், ஜீப்பு நிக்குதா என்று என் கணவர் கேட்டது. பேச்சில் ஜீப்பு வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். இவ்வளவுதானா, சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப நான் ஊத்துனதுனாலதான் அம்புட்டு நாளும் பூச்சி வரலையா?" என்றாள்.

"ஆமா. நீ ஊத்துனதுனாலதான்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. வாடை வரும்னு மட்டுந்தான் தெரியும்." சிறிது நேரம் படியில் இருந்த எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "இத நீங்க தெருவுல எல்லாருகிட்டயும் சொன்னீகளா?"

"வீடு வீடாப் போய்ச் சொன்னேன். சீல் போச்சு, அதான் காரணம்னு சொன்னேன்."

"அது சரி. என்மேல தப்பில்லன்னு ஒருத்தருகிட்டயாச்சும் சொன்னீகளா?"

நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலும் ஞாபகம் வந்தது. கையால் கிண்ணம் செய்து காட்டியது ஞாபகம் வந்தது. எண்ணெய் இரண்டு ஸ்பூன் விட வேண்டும் என்பது வரை சொல்லியிருக்கிறேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பேச்சை எடுத்தால் நான் சொன்னது பொய் என்று ஆகும். அதைத் தவிர்க்கத்தான் அத்தனை விஞ்ஞானம் பேசியிருக்கிறேன் என்பது அவள் கேட்கிற வரை எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, ஆனால் அவள் முன்னால் அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.

"எந்திரி" என்றேன். "முக்குவீட்டுக்குப் போவோம்."

வெயில் கொளுத்தியது. அவள் இரண்டடி பின்னால் வந்தாள். முக்குவீட்டு அம்மா கதவைத் திறந்து, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னென்னவோ சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வாசலில் நின்றபோது சுருக்கமாகத்தான் வந்தது.

"கோயில்ல இவளப் பத்தி நான் சொன்னது பொய்யி. என் வீட்டுப் பூச்சி என் வீட்டு பாத்ரூம்ல இருந்துதான் வந்துச்சு. இவ தண்ணி ஊத்தி அதத் தடுத்துக்கிட்டு இருந்தா. நான்தான் ஊத்தாதன்னு திட்டுனேன். பெறகு பழியையும் இவ மேலயே போட்டேன்."

முக்குவீட்டு அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அதுக்கென்ன மதினி, நாங்க அதுக்காகவா நிப்பாட்டுனோம்" என்றாள். மூன்று பேருமே அதை நம்பவில்லை. பிறகு அவளைப் பார்த்து, "நாளைல இருந்து வாரியா?" என்று கேட்டாள்.

"வாரேன்" என்றாள் அவள். கைகளைச் சேலையில் துடைத்தாள், அந்தப் பொடி இப்போதே போய்விடும் என்பது போல.

மற்ற இரண்டு வீட்டுக்கும் போனோம். அங்கேயும் அதையே சொன்னேன். இரண்டாம் முறை கொஞ்சம் சுலபமாக இருந்தது, மூன்றாம் முறை மறுபடியும் கஷ்டமாக இருந்தது. ஒரு வீட்டில் உடனே வரச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் ஆள் வைத்துவிட்டோம் என்றார்கள். மூன்று வீட்டில் இரண்டு கிடைத்தது. அவள் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. என் வீட்டோடு சேர்த்தால் அவள் பட்டாசு வேலையை விட்டுவிடலாம்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும், "நாளைக்கு முதல்ல இங்க வந்துரு, பெறகு முக்குவீட்டுக்குப் போ" என்றேன். எல்லாம் முடிந்துவிட்டது என்கிற குரலில்.

அவள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உங்க வீட்டுக்கு வேணாம்க்கா."

"ஏன்? நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"சொன்னீக. அது எனக்குப் போதும். அதுக்கு மேல நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கிடல. ஆனா நாளைக்கு உங்க வீட்ல ஒரு எறும்பு வந்தாலும் மொதல்ல எம்மூஞ்சியத்தான் பாப்பீக. அதப் பாத்துக்கிட்டு என்னால வேலை செய்ய முடியாது. இன்னொரு வீடு கெடைக்கிற வரைக்கும் அரை நாளு கம்பெனிக்குப் போய்க்கிருவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். பார்க்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் பார்ப்பேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் தெருமுனைப் பக்கம் நடந்து போனாள்.